சொட்டு நீர் போட்டும் தண்ணி ஏன் மிச்சமாகலை?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு தக்காளித் தோட்டத்தோட கணக்கைப் பேசப் போறோம். கணக்குன்னதும் ஓடிடாதீங்க. பெருக்கலும் வகுத்தலும்தான் வரும்.

எங்க பெரியப்பாவுக்கு கிருஷ்ணகிரி மாவட்டத்துல, ராயக்கோட்டை பக்கம், ஒரு ஏக்கர் செம்மண் நிலம் இருக்கு. தக்காளிதான் போடுவார். தண்ணிக்கு ஒரு போர்வெல். பல வருஷமா பார் பிடிச்சு, வாய்க்கால்ல தண்ணி கட்டித்தான் விவசாயம் பண்ணிட்டிருந்தார். அப்புறம் சொட்டு நீர் போட்டார். தமிழ்நாட்டுல சிறு, குறு விவசாயிகளுக்கு அரசாங்கம் நூறு சதவீத மானியம் கொடுக்குது. அதனால கையில இருந்து பெரிய செலவு இல்லை. முதல் பயிர் முடிஞ்சதும் எனக்கு போன் பண்ணினார். "பாப்பா, பைப்பு போட்டா தண்ணி பாதி மிச்சமாகும்னாங்க. என் மோட்டார் முன்னாடி ஓடினதைவிட அதிகமாத்தான் ஓடுது. இதுல என்னத்த மிச்சம்?"

எனக்கு முதல்ல நம்பிக்கை வரலை. பாடப் புத்தகத்துல இருந்து செய்தி வரைக்கும் எல்லா இடத்துலயும் சொட்டு நீர்னா சிக்கனம்னுதான் படிச்சிருக்கோம். ஆனா ஊருக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தப்போ, அவர் சொன்னது உண்மைதான். எங்கே தப்பு நடந்துச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல ஒரே ஒரு அளவைப் புரிஞ்சுக்கலாம். மழையை மில்லிமீட்டர்ல சொல்ற மாதிரியே பாசனத்தையும் மில்லிமீட்டர்ல சொல்வாங்க. ஒரு ஏக்கர் முழுக்க 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா, அது சுமார் 4,000 லிட்டர். சென்னையில நம்ம அபார்ட்மென்ட்டுக்கு 12,000 லிட்டர் தண்ணி லாரி வருமே, அது ஒரு ஏக்கருக்கு 3 மில்லிமீட்டர்தான். இதை மனசுல வெச்சுக்கங்க. இனிமே லாரியிலயே பேசலாம்.

இப்போ பழைய முறை. மோட்டார் எவ்வளவு தண்ணி கொடுக்குதுன்னு தெரியணும்னா மீட்டர் தேவையில்லை. 200 லிட்டர் டிரம் ஒண்ணைக் குழாய்க்குக் கீழ வெச்சு, எத்தனை விநாடியில நிரம்புதுன்னு பார்த்தா போதும். பெரியப்பாவோட டிரம் 48 விநாடியில நிரம்பிச்சு. அப்படீன்னா மணிக்கு 15,000 லிட்டர். வாய்க்கால் பாசனத்துல ஒரு ஏக்கரும் நனைஞ்சு முடிய அவருக்கு மொத்தமா 16 மணி நேரம் மோட்டார் ஓடணும். ஒரு தடவை தண்ணி கட்டினா 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். நம்ம கணக்குல 20 லாரி. சுமார் 60 மில்லிமீட்டர். இதை வாரத்துக்கு ஒரு தடவை செய்வார்.

இந்த 60 மில்லிமீட்டர் எங்கே போகுது? தக்காளியோட வேர்ல பெரும்பகுதி மேல இருக்கிற 40 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளதான் இருக்கும். அந்த மண்ணை ஒரு டம்ளர்னு நினைச்சுக்கங்க. அவரோட நிலம் மாதிரி மணல் கலந்த செம்மண்ல அந்த டம்ளர் சுமார் 45 மில்லிமீட்டர் தண்ணிதான் பிடிக்கும். நாற்று நட்ட புதுசுல செடியும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர்தான் செலவு பண்ணும். ஒரு வாரத்துக்கு 21. அதாவது டம்ளர்ல 21 மில்லிமீட்டருக்குத்தான் இடம் காலியா இருக்கு. நாம 60 ஊத்துறோம். மிச்சம் 39 வேரைத் தாண்டிக் கீழ இறங்கிடும். போகும்போது மண்ணுல கரைஞ்சிருக்கிற தழைச்சத்தையும் கூட்டிட்டுப் போயிடும்.

காய் பிடிக்கிற நேரத்துல நிலைமை வேற. அப்போ ஒரு நாள் செலவு கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். வாரக் கடைசியில டம்ளர் ஏறக்குறைய காலியாகிடும். அஞ்சாவது, ஆறாவது நாள் மதியத்துல செடி துவண்டு நிக்கும். ஏழாவது நாள் திரும்பவும் வெள்ளம். ஆக, வாய்க்கால் பாசனத்துல ரெண்டு நஷ்டமும் இருக்கு. ஒரு பக்கம் தண்ணி கீழ போகுது, இன்னொரு பக்கம் செடி தாகத்துல நிக்குது. ஒரே வயல்ல, ஒரே வாரத்துல.

சரி, சொட்டு நீருக்கு வருவோம். அவர் வயல்ல ட்யூப் ஒண்ணுக்கு ஒண்ணு ஒன்றரை மீட்டர் இடைவெளியில ஓடுது. ஒவ்வொரு ட்யூப்லயும் 40 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான். ஒரு சொட்டுவான் மணிக்கு 2 லிட்டர் விடும். பார்க்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனா ஒரு ஏக்கர்ல இப்படி 6,700 சொட்டுவானுக்கு மேல இருக்கு. எல்லாம் சேர்ந்து மணிக்கு 13,500 லிட்டர் விடுது. அதாவது மணிக்கு ஒரு லாரிக்கும் மேல! மில்லிமீட்டர்ல சொன்னா, மணிக்கு சுமார் 3.3.

இந்த ஒரு எண்தான் எல்லாத்துக்கும் சாவி. சொட்டு நீர் போட்ட ஒவ்வொரு விவசாயிக்கும் தன் வயல் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் வாங்குதுன்னு தெரிஞ்சிருக்கணும். பெரியப்பாவுக்குத் தெரியலை. வந்து மாட்டிக் கொடுத்தவங்களும் சொல்லலை.

அவர் தினமும் 3 மணி நேரம் ஓட்டியிருக்கார். நாற்று நட்ட நாள்ல இருந்து கடைசிப் பறிப்பு வரைக்கும் அதே 3 மணி நேரம். ஒரு நாளைக்கு 10 மில்லிமீட்டர், வாரத்துக்கு 70. வாய்க்கால்ல போனது வாரத்துக்கு 60. பைப்பு போட்ட பிறகு தண்ணி கூடிடுச்சு. அவர் போன்ல புலம்பினதுல ஒரு தப்பும் இல்லை.

"ஏன் பெரியப்பா 3 மணி நேரம்?"னு கேட்டேன். அவர் சொன்ன காரணத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. "காலு வெச்சா ஈரமே தெரியலையே பாப்பா. மண்ணு காஞ்சு கெடக்கு. மனசு கேக்க மாட்டேங்குது." யோசிச்சுப் பாருங்க. நாப்பது வருஷமா தண்ணி கட்டினவர். வயல் முழுக்கப் பளபளன்னு நனைஞ்சாத்தான் அவருக்குத் தண்ணி கட்டின மாதிரி. சொட்டு நீர்ல மேல ஒரு தட்டு அளவுக்குத்தான் ஈர வட்டம் தெரியும். ஈரம் மண்ணுக்குள்ள வெங்காயம் மாதிரி விரிஞ்சு இருக்கும். மேல பார்த்து முடிவு பண்ற கண்ணு இங்கே ஏமாந்துடும். அதுக்கு மேல, விவசாய மோட்டாருக்கு கரண்ட் இலவசம். கூடுதலா ஒரு மணி நேரம் ஓட்டினா பில் வந்து எச்சரிக்கப் போறதில்லை.

மண்வெட்டி எடுத்து, ஒரு சொட்டுவானுக்குப் பக்கத்துல முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினோம். மேல ரெண்டு விரக்கடை காஞ்ச மண்ணு. அதுக்குக் கீழ ஈரம். 60 சென்டிமீட்டர் ஆழத்துல, வேரே இல்லாத இடத்துல, மண்ணைப் பிடிச்சா கையில தண்ணி ஒட்டுது. அடி இலையெல்லாம் வெளிறி மஞ்சளா இருந்துச்சு. ட்யூப் வழியாக் கொடுத்த உரம் வேரைத் தாண்டிக் கீழ போயிருக்கு. உரத்தைச் சொட்டு நீர்ல கொடுக்கிறது நல்ல முறைதான். ஆனா தண்ணி அளவு தப்பினா, உரம் நேரா கீழ போறதுக்கும் அதுவே வழியாயிடும்.

அப்போ சரியான அளவு என்ன? இதுக்குத்தான் அட்டவணைன்னு பேரு. எந்த நாள், எவ்வளவு நேரம். ரெண்டு எண் தெரிஞ்சா போதும்.

முதல் எண், வானம் எவ்வளவு தண்ணி கேக்குதுன்னு. வெயில், காத்து, ஈரப்பதம் எல்லாத்தையும் சேர்த்து, ஒரு புல்வெளி ஒரு நாள்ல எத்தனை மில்லிமீட்டர் தண்ணியை ஆவியா விடும்னு வானிலை நிலையங்கள் கணக்குப் போடும். எங்க கணக்குக்கு அந்தப் பருவத்தோட சராசரியா நாளைக்கு 5 மில்லிமீட்டர்னு வெச்சுக்கிட்டோம். ரெண்டாவது எண், பயிரோட பசி. ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு 1998-ல வெளியிட்ட பாசன வழிகாட்டியில ஒவ்வொரு பயிருக்கும் இந்த எண் இருக்கு. தக்காளிக்கு ஆரம்பத்துல 0.6, காய் பிடிக்கும்போது 1.15, கடைசியில திரும்பக் குறையும்.

ரெண்டையும் பெருக்குங்க. ஆரம்பத்துல 5 பெருக்கல் 0.6, அதாவது 3 மில்லிமீட்டர். நல்லா பராமரிச்ச சொட்டு நீர்லயும் பத்துல ஒரு பங்கு வீணாகும்னு வெச்சுக்கிட்டா, 3.3 கொடுக்கணும். பெரியப்பா வயல் மணிக்கு 3.3 வாங்குது. அப்போ எத்தனை மணி நேரம்? சரியா ஒரு மணி நேரம். காய் பிடிக்கும்போது 5 பெருக்கல் 1.15, அதாவது 5.75. வீணாகிறதையும் சேர்த்தா 6.4. கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம்.

இதைத்தான் அவர் மோட்டார் ரூம் சுவத்துல சுண்ணாம்புக் கட்டியில எழுதினோம். நட்டதுல இருந்து 30 நாள் வரைக்கும் 1 மணி நேரம். அடுத்த 30 நாள் ஒன்றரை. அடுத்த 40 நாள் 2. கடைசி 20 நாள் திரும்ப ஒன்றரை. மழை வந்தா அன்னைக்கு நிறுத்தணும். வெயில் ரொம்ப ஏறினா கால் மணி நேரம் கூட்டணும். அவ்வளவுதான் அட்டவணை.

அட்டவணை ஒரு மதிப்பீடுதான். மண்ணு அதை ஒத்துக்குதான்னு பார்க்கணும். அதுக்கு டென்சியோமீட்டர்னு ஒரு கருவி இருக்கு. ஒரு குழாய், அடியில நுண்துளை இருக்கிற பீங்கான் முனை, மேல ஒரு டயல். குழாய்ல தண்ணி நிரப்பி மண்ணுல நட்டு வெச்சா, வேர் தண்ணியை இழுக்க எவ்வளவு சிரமப்படுதுன்னு டயல் காட்டும். நாங்க ரெண்டு வெச்சோம். ஒண்ணு 20 சென்டிமீட்டர் ஆழத்துல, இன்னொண்ணு 45-ல. மேல இருக்கிறது 20-ல இருந்து 30-க்குள்ள ஏறும்போது தண்ணி விடலாம். கீழ இருக்கிறது எப்பவும் 10-க்குக் கீழயே கிடந்தா, தண்ணி வேரைத் தாண்டிப் போயிட்டிருக்குன்னு அர்த்தம். கருவி இல்லாதவங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை மண்வெட்டியே போதும். 20 சென்டிமீட்டர்ல எடுத்த மண்ணு உருண்டை பிடிக்கணும், கையில தண்ணி ஒட்டக் கூடாது.

அடுத்த வருஷம் அதே தை மாசக் கடைசியில, அதே நிலத்துல தக்காளி நட்டார். 120 நாள் பயிர். இப்போ மூணு பயிரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்.

வாய்க்கால் பாசனத்துல 16 தடவை தண்ணி கட்டினார். மொத்தம் 38 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். விளைச்சல் 12 டன். ஒரு கிலோ தக்காளிக்கு 320 லிட்டர்.

அட்டவணை இல்லாத சொட்டு நீர்ல 48 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் போச்சு. விளைச்சல் 14 டன். ஒரு கிலோவுக்கு 347 லிட்டர். காய் கூடுதலா வந்துச்சு. ஆனா கிலோவுக்கான தண்ணிச் செலவு பழைய முறையைவிட மோசம்.

அட்டவணையோட சொட்டு நீர் 185 மணி நேரம்தான் ஓடிச்சு. கிட்டத்தட்ட 25 லட்சம் லிட்டர். விளைச்சல் 17 டன். ஒரு கிலோவுக்கு 147 லிட்டர்.

ரெண்டாவது, மூணாவது பயிருக்கு நடுவுல ஒரு பைப்பு கூட மாத்தலை. மாறினது மோட்டார் ஓடின நேரம் மட்டும்தான். இது ஒரே ஒரு குடும்பத்தோட வயல். வெவ்வேறு வருஷம், வெவ்வேறு வெயில். ஆராய்ச்சி நிலையத்துல பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில செய்யுற சோதனை மாதிரி இதை எடுத்துக்க முடியாது. உங்க ஊர்ல எண்கள் மாறும். ஆனா கணக்குப் போடுற வழி மாறாது.

இதுல ஒரு கேள்வி வரும். தண்ணி குறைஞ்சா விளைச்சல் குறையணுமே, ஏன் கூடுச்சு? செடிக்குப் போற தண்ணி குறையவே இல்லை. வேரைத் தாண்டிப் போனதுதான் நின்னுச்சு. அதோட தக்காளிக்கு ஒரு குணம் இருக்கு. மண்ணு ஒரு நாள் வறண்டு, ஒரு நாள் வெள்ளமா இருந்தா, சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சரியாப் போய்ச் சேராது. காயோட அடிப்பக்கம் கறுத்து அழுகும். காஞ்ச மண்ணுல திடீர்னு தண்ணி ஏறினா, பழுக்கிற காய் வெடிக்கும். மார்க்கெட்ல அந்தக் காயை ஒதுக்கித் தள்ளிடுவாங்க. பெரியப்பா கணக்குல கூடின 5 டன்ல ஒரு பெரிய பங்கு, முன்னாடி வரப்புல கொட்டினது. இன்னொரு பங்கு, வேர்கிட்டயே நின்ன உரத்தால வந்தது.

இவ்வளவும் ஒரு விஷயத்தை நம்பித்தான் நிக்குது. 6,700 சொட்டுவானும் ஒரே அளவு தண்ணி விடணும். எங்க பக்கத்து போர் தண்ணி உப்புச் சப்பையா இருக்கும். சுண்ணாம்பு படிஞ்சு ஓட்டை அடைச்சுக்கும். நிறைய பேர், தண்ணி வேகம் குறையுதுன்னு ஃபில்டர் உள்ள இருக்கிற வலையைக் கழட்டி எறிஞ்சுடுவாங்க. ரெண்டு வாரத்துக்குத் தண்ணி நல்லா வரும். அப்புறம் மணல் போய் எல்லாத்தையும் அடைக்கும். சோதிக்கிறது சுலபம். மோட்டார்கிட்ட இருக்கிற ட்யூப்ல ஒரு சொட்டுவான், கடைசி ட்யூப்போட கடைசி சொட்டுவான், ரெண்டுக்கும் கீழ ஒரு டம்ளரை 6 நிமிஷம் வைங்க. ரெண்டுலயும் 200 மில்லி இருக்கணும். கடைசியில 120 தான் இருந்துச்சுன்னா, அந்த மூலையில இருக்கிற செடி உங்க அட்டவணையில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வாங்குது. உடனே நேரத்தைக் கூட்டத் தோணும். அது தப்பு. முன்பக்கம் வெள்ளமாகும். ட்யூப் முனையைத் திறந்து கழுவி விடணும், தேவைப்பட்டா அமிலம் விட்டு சுண்ணாம்பைக் கரைக்கணும்.

கடைசியா ஒரு விஷயம். இதைச் சொல்லாம முடிச்சா இந்தக் கதை பாதிக் கதைதான்.

அந்தப் பயிர் முடிஞ்சதும் பெரியப்பா சந்தோஷமாச் சொன்னார். "பாப்பா, 13 லட்சம் லிட்டர் மிச்சம். பக்கத்துல தரிசாக் கெடக்கிற அரை ஏக்கர்லயும் பைப்பு போட்டுடலாம்னு இருக்கேன்." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அரை ஏக்கருக்கு அதே அட்டவணையில 12 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர் வேணும். மிச்சம்னு சொன்னது அப்படியே தீர்ந்துடும். போர்ல இருந்து எடுக்கிறது பழைய அளவுக்கே வந்துடும். இன்னொண்ணும் இருக்கு. முன்னாடி வேரைத் தாண்டிக் கீழ போன தண்ணி எல்லாமே அழிஞ்சு போகலை. அதுல ஒரு பங்கு மெதுவா இறங்கி, அதே நிலத்தடி நீர்ல சேர்ந்துட்டு இருந்துச்சு. இப்போ அது நின்னுடுச்சு. எடுக்கிறது அதே அளவு, திரும்பப் போறது குறைவு. அப்போ நீர்மட்டம் முன்னைவிட வேகமா இறங்கலாம். 2018-ல சயின்ஸ் இதழ்ல குவென்டின் கிராஃப்டனும் அவரோட சேர்ந்தவங்களும் எழுதின ஒரு கட்டுரை உலகம் முழுக்க நடக்கிற இதே முரண்பாட்டைத்தான் பேசுது. வயல்ல சிக்கனம் வருது, ஆனா ஆத்துலயும் கிணத்துலயும் தண்ணி கூடுறதில்லை. ஏன்னா மிச்சமானது புதுப் பயிருக்குப் போயிடுது.

நான் இந்தக் கணக்கையும் அவர்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அவரோட பழைய போர் ஒண்ணு வத்திப் போய்த்தான் கடன் வாங்கி இந்த போரையே போட்டார். கடைசியா, "இந்த வருஷம் அரை ஏக்கர் வேண்டாம். கோடையில போர்ல தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு பாத்துட்டு அடுத்த வருஷம் பேசலாம்"னார். பழைய மட்டத்தை மோட்டார் ரூம் சுவத்துல, அட்டவணைக்குப் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கார்.

கோடை முடிஞ்சதும் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.